பாட வேறுபாடும் பதிப்பாசிரியரின் அமானிதமும்

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் இருவர் சந்தித்தனர். ஒருவர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார். மற்றவர், அதே ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த இருபத்தைந்து வயது இளைஞர் உ. வே. சாமிநாதையர். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிச் சொன்னார். அவற்றில் முதலியார் மனம் நிறையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்பதே அவர் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியின் பயனாக ஏழாண்டுகள் கழித்து, 1887இல், நச்சினார்க்கினியர் உரையோடு சிந்தாமணி முழுவதும் அச்சேறியது. இந்தச் செய்தியைத் தமிழறிந்தார் பலரும் அறிவர். அந்த ஏழாண்டுகளில் ஐயர் செய்த வேலை எத்தகையது என்பதை அறிந்தவர் சிலரே. சீறாப்புராணத்தையும் பிற இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களையும் போற்றும் நாம் அந்த வேலையின் தன்மையைத் தெரிந்துகொள்வது நமக்கே தேவையானது.

ஓர் ஏட்டை எடுத்து அதிலுள்ளதைத் தாளில் எழுதி அச்சகத்துக்கு அனுப்புவதுதான் பதிப்பு என்று பலர் எண்ணுகின்றனர். ஒரே ஏடு கிடைத்தால் அது ஓரளவு உண்மை. இரண்டாவது ஏடு கிடைத்த அன்றே தொல்லை தொடங்கிவிடும். முன்னதில் ஒரு சொல் இருக்கும் இடத்தில் பின்னதில் வேறொரு சொல் இருக்கும். மூன்றாவது ஏடு இரண்டுக்கும் ஒவ்வாத ஒன்றைக் காட்டும். இவற்றைப் பாட வேறுபாடு என்றும் பிரதிபேதம் என்றும் சொல்வர். இவற்றுள் எதை நூலில் அமைப்பது, எதை அடிக்குறிப்பில் வைப்பது என்று தீர்மானிப்பவரே பதிப்பாசிரியர். மற்ற வேலைகள் எல்லாம் படியெடுப்போர் வேலை.

இத்தனை வேறுபாடுகள் எங்கிருந்து முளைத்தன? எழுதியவர்களின் சோம்பல் மட்டும் காரணமன்று. ஏட்டெழுத்தே பாதிக் காரணம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் ஏட்டில் வேறுபாடு இல்லை. இன்று நாம் இடும் இரட்டைச் சுழிக் கொம்பு பிற்காலத்தது. நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தன. ஆகவே கொம்பு, ககரம், கால், டுகரம் என்று ஏட்டில் நான்கு வடிவங்கள் நின்றால், அதனைக் கொடு என்றும் படிக்கலாம், கோடு என்றும் படிக்கலாம். காலை ரகரமாகக் கொண்டால் வேறு வகையாகவும் படிக்கலாம். ஏடு ஒன்றாயிருக்கும்போதே படிப்போர் பலராகும் நிலை இது.

இங்கே தமிழின் யாப்பு பதிப்பாசிரியருக்குக் கைகொடுக்கிறது. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். முதலெழுத்துக்கள் அளவொத்து நிற்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதனுடன் உண்டு. குறிலாயின் எல்லாம் குறில், நெடிலாயின் எல்லாம் நெடில். ஒரு செய்யுளின் மற்ற மூன்றடிகளும் நாடு, பாடு, வீடு என்று தொடங்கினால், ஐயத்துக்குரிய நான்காம் அடியின் சொல் கோடுதான், கொடு அன்று. சீரின் அளவும் இவ்வாறே உதவும். கொடு என்பது ஒரே நிரையசை; கோடு என்பது நேர் நேர் என்னும் ஈரசை. பொருளைத் தொடாமலே, ஓசையைக் கொண்டே ஒரு பாடத்தைத் தள்ளவும் கொள்ளவும் இயலும் என்பது உரைநடை ஏடுகளைப் பதிப்பிப்போருக்குக் கிட்டாத வாய்ப்பு.

கண்ணால் வரும் பிழை இவ்வாறிருக்க, காதால் வரும் பிழை வேறு. ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல மாணவர் எழுதிய ஏடுகளும் உண்டு. அவற்றில் ழகரம் ளகரமாகும்; றகரம் ரகரமாகும். ஓர் ஏட்டில் காலும் ரகரமும் அடிக்கடி மயங்கியிருந்தால், அதை எழுதியவர் மற்றோர் ஏட்டைப் பார்த்து எழுதினார் என்று கருதலாம். ளகர ழகரங்கள் மயங்கியிருந்தால் கேட்டு எழுதினார் எனலாம்; அல்லது தம் ஊர்ப் பேச்சைத் தம்மை அறியாமல் கையில் இறக்கினார் எனலாம். ஏட்டின் பிழைகளைத் தொகுத்துப் பார்த்தால் அதை எழுதியவரின் பழக்கம் தெரியும். பழக்கம் தெரிந்தால், எந்த இடத்தில் அவரை நம்பலாம், எந்த இடத்தில் ஐயுற வேண்டும் என்பதும் தெரியும்.

பிழைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. பத்து ஏடுகளில் ஒன்பது ஒரு பாடத்தையும் ஒன்று வேறு பாடத்தையும் காட்டினால் ஒன்பதையே கொள்ளவேண்டும் என்று நமக்குத் தோன்றும். தேர்தலில் அது நியாயம். பதிப்பில் நியாயம் அன்று. அந்த ஒன்பது ஏடுகளிலும் ஒரே இடத்தில் ஒரே செய்யுள் விடுபட்டிருந்தால், அல்லது பொருளற்ற ஒரே பிழை ஒன்பதிலும் இருந்தால், அவை ஒரு தாயேட்டின் பிள்ளைகள் என்று அறியலாம். தனித்தனியே எழுதிய ஒன்பது பேர் ஒரே இடத்தில் ஒரே வகையாகத் தவறுவது அரிது. அப்போது அந்த ஒன்பதும் ஒரு சாட்சியே. ஹதீஸ் கலையில் இஸ்னாதைப் பார்ப்போர் இதனை எளிதில் உணர்வர். பலர் அறிவித்தாலும் எல்லாரும் ஒருவரிடமே கேட்டிருந்தால் அந்த ஒருவர் அளவுக்கே அச்செய்தியின் வலிமை. ஆனால் ஒரு எச்சரிக்கை வேண்டும். படித்த புலவர் ஒருவர் இரண்டு ஏடுகளை ஒப்பிட்டுத் தம் ஏட்டைத் திருத்தியிருந்தால், பிழைகள் ஒரு குடும்பத்திலிருந்து மற்றொரு குடும்பத்துக்குத் தாவிவிடும், வமிசாவளி கலங்கிவிடும். தமிழ் ஏடுகளில் இது மிகுதி.

இனி, கும்பகோணத்துக்குத் திரும்புவோம். சிந்தாமணி சமண காப்பியம். ஐயரோ சைவச் சூழலில் வளர்ந்தவர். பிரதிகள் கையில் இருந்தும் சமணக் கொள்கை பற்றிய சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாகத் திருத்திக்கொள்வது ஒரு வழி. அவர் அவ்வழியை நாடவில்லை. கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் என்பவர் வீட்டில் சிந்தாமணியைப் பல மாதங்கள் படித்து நிறைவு செய்யும் விழா நடந்துகொண்டிருந்தது. தமிழ்ப் புலவர் பலர் மறந்துவிட்ட நூல், ஒரு சமயத்தார் வீட்டில் பக்தியோடு ஓதப்பட்டு வந்தது. செட்டியாரிடமும் அவரைச் சார்ந்தோரிடமும் கேட்டுக் கேட்டு ஐயர் தெளிந்தார். ஓதி வாழ்வோரைக் கேளாமல் ஒரு சமய நூலின் பாடத்தைத் துணியக்கூடாது என்பது அங்கே அவர் நமக்கு வைத்துச் சென்ற நெறி.

ஐயருக்குப் பெருந்துணையாக நின்றது நச்சினார்க்கினியர் உரை. உரைகாரர் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதினால், அவர் காலத்து ஏட்டில் எந்தச் சொல் இருந்தது என்பதை அந்தப் பொருளே காட்டிக்கொடுக்கும். மூலம் சிதைந்த இடங்களில் உரையைக் கொண்டு மூலத்தை மீட்க முடியும். ஆயினும் இதன் எல்லையையும் சொல்லவேண்டும். திருத்தக்கதேவருக்கும் நச்சினார்க்கினியருக்கும் இடையே நூற்றாண்டுகள் சில கழிந்துள்ளன. உரைகாரரும் தம் முன்னிருந்த பாடங்களுள் ஒன்றைத் தேர்ந்தவரே. எனவே உரையைக் கொண்டு நாம் அடைவது உரைகாரர் ஏற்ற பாடம். புலவர் எழுதிய பாடம் அதுவாகவும் இருக்கலாம், அன்றியும் இருக்கலாம். நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், அதன்பின் அவர் சமண நூல்களைக் கற்று மீண்டும் எழுதினார் என்றும் சமணரிடையே ஒரு செய்தி வழங்கிவந்தது. அது உண்மையாயின், உரைப் பிரதிகளில் காணும் இருவகைப் பாடங்களுள் ஒன்று பிழை, மற்றது சரி என்று சொல்லவே இடமில்லை. இரண்டும் ஆசிரியர் எழுதியவை. முந்தியது எது, பிந்தியது எது என்பது மட்டுமே கேள்வி.

சிந்தாமணிச் செய்யுட்கள் 3145. தேவர் பாடியவை 2700 என்றும் மற்றவை கந்தியார் என்பவர் சேர்த்தவை என்றும் கூறுவர். சேர்ந்திருப்பது 445 என்று எண்ணிக்கை தெரிந்தும், எந்தெந்தச் செய்யுட்கள் என்று முற்றிலும் பிரித்தறிய வழியில்லை. நடை தாழ்ந்திருக்கிறது என்று ஒரு செய்யுளை நீக்கினால், தேவரே ஒரு நாள் தளர்ந்து பாடியதை நீக்கியவராவோம். ஐயர் எல்லாவற்றையும் அச்சிட்டார். ஐயம் இருக்கும்போது நீக்காமல் வைப்பதே தக்கது. வைத்ததைப் பின்வருவோர் ஆராய்ந்து தள்ளலாம். நீக்கியதை அவர்கள் ஆராய முடியாது.

இதுவரை சொன்னவை நமக்கு அயலான கலை என்று எவரும் எண்ணவேண்டாம். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் திமிஷ்கு நகரில் இதே வேலை இதைவிடப் பெரிய பொறுப்போடு நடந்தது. ஸஹீஹுல் புகாரி பல அறிவிப்பாளர் வழியாகப் பல பிரதிகளாகப் பரவியிருந்தது. ஷரபுத்தீன் அல்யூனீனீ (ரஹ்) என்னும் ஹதீஸ் அறிஞர் அப்பிரதிகளை ஒப்பிட முனைந்தார். அல்ஃபிய்யா என்ற இலக்கண நூலால் மதரஸாக்களில் இன்றும் பெயர் விளங்கும் இப்னு மாலிக் (ரஹ்) அந்த அவையில் உடனிருந்தார். 71 அமர்வுகளில் நூல் முழுவதும் வாசிக்கப்பட்டது. அபூதர் அல்ஹரவீ, அல்அஸீலீ, இப்னு அஸாகிர், அபுல்வக்த் ஆகியோர் பிரதிகளுக்குத் தனித்தனி அடையாள எழுத்துக்கள் வகுத்து, வேறுபாடு கண்ட இடமெல்லாம் யூனீனீ குறித்தார். அல்அஸீலீயின் பிரதிக்கு ஸாத் என்னும் எழுத்து அடையாளம். ஒரு பாடம் ஒருவரிடம் உண்டு, மற்றவரிடம் இல்லை என்பதைக்கூட வரிக்கு மேலும் ஓரத்திலும் குறித்துவைத்தார்.

அந்த அவையில் இப்னு மாலிக் செய்த ஒரு செயல் பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ளத் தக்கது. அரபு இலக்கண விதிக்கு மாறுபட்டது போன்ற தொடர் வந்தபோது, அறிவிப்பு அப்படித்தான் உள்ளதா என்று அவர் கேட்பார். ஆம் என்று தெரிந்தால், மூலத்தைத் திருத்தமாட்டார். அத்தகைய ஆட்சி அரபுக் கவிகளிடத்தில் உண்டா என்று தேடுவார். அவ்வாறு தேடிக் கண்டவற்றைத் தொகுத்துத் தனி நூலாகவே எழுதினார். அதுவே ஷவாஹிதுத் தவ்ளீஹ். தம் காலத்தின் தலைசிறந்த இலக்கணப் புலவர், பிழை என்று தோன்றியதைத் திருத்தத் தம் புலமையைப் பயன்படுத்தவில்லை. அது பிழையன்று என்று காட்டவே பயன்படுத்தினார். யூனீனீயின் பிரதியை அடிப்படையாகக் கொண்டு ஹிஜ்ரி 1311 முதல் 1313 வரை எகிப்தின் பூலாக் அச்சகத்தில், சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆணையால், புகாரி அச்சாயிற்று. அந்த ஓரக் குறிப்புக்களும் சேர்ந்தே அச்சாயின. கும்பகோணத்திலிருந்து உழைத்த ஐயரின் புறநானூறு 1894இல் வெளிவந்தது; அதுவும் ஏறத்தாழ அதே காலம்.

இப்போது நம் காப்பியத்துக்கு வருவோம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை 1842ஆம் ஆண்டிலேயே செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் அச்சிட்டார். சிந்தாமணி முழுமையாக அச்சேறியதற்கு 45 ஆண்டுகள் முன்பு. அரபும் தமிழும் அறிந்த ஒருவர் அதனை மேற்கொண்டது நம் நற்பேறு. ஆனால் சீறாவைப் பதிப்பிப்போருக்குச் சிந்தாமணிக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. நச்சினார்க்கினியர் போன்ற பழைய உரைகாரர் துணை அதற்கு இல்லை. இரண்டு மொழிகளின் சொற்களும் அதில் கலந்து வருகின்றன.

இதன் விளைவை விளக்க ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக்கொள்வோம். எந்த ஏட்டிலும் கண்டது என்று இதனைச் சொல்லவில்லை. ஓர் இஸ்லாமியக் காப்பியத்தின் ஓர் ஏட்டில் நபியும் என்றும், மற்றோர் ஏட்டில் நம்பியும் என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம்பி என்பது ஆடவருட் சிறந்தவரைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல். பொருளை மட்டும் பார்த்தால் இரண்டும் பொருந்தும். முதலில் யாப்பைப் பார்க்கவேண்டும். நபியும் என்பது நிரை நேர், புளிமா. நம்பியும் என்பது நேர் நிரை, கூவிளம். அந்த இடத்தில் மற்ற அடிகளில் எல்லாம் மாச்சீர் நின்றால் நபியும் என்பதே பாடம். விளச்சீர் நின்றால் நம்பியும். வழக்கு அத்துடன் முடிந்தது.

யாப்பு இரண்டுக்கும் இடங்கொடுத்தால்? அறிந்த சொல்லை அறியாத சொல்லாக மாற்றுவோர் இல்லை. அறியாததை அறிந்ததாக மாற்றுவோரே பலர். ஆகவே அரிய பாடத்தைக் கொள்க என்பது பதிப்பாசிரியர்கள் வழங்கும் விதி. இவ்விதியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஏவினால் தவறிவிடுவோம். அரியது என்றால் யாருக்கு அரியது? ஏடெழுதியவர் அரபுச் சொல் அறியாத புலவராயின் அவருக்கு நபி அரியது, நம்பியாக மாற்றியிருப்பார். எழுதியவர் முஸ்லிமாயின் நபி என்பது அவர் நாவில் எந்நேரமும் இருப்பது; புலவர் நம்பி என்று பாடியதையே அவர் பக்தியினால் நபி என்று எழுதியிருப்பார். ஒரே வேறுபாடு; எழுதிய கைக்கேற்ப முடிவு தலைகீழாகிறது. எனவே ஏடு யாருடையது, யார் எழுதியது, எந்த ஊரில் கிடைத்தது என்று பதிப்பாசிரியர் குறிப்பது வெறும் நன்றியறிதல் அன்று. பாடத்தைத் தீர்மானிக்கும் சான்று அது. ஐயர் தம் முகவுரைகளில் பிரதி உதவியோர் பெயர்களைக் குறித்ததன் பயன் இங்கே விளங்கும்.

நம்மவரிடையே இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்றுண்டு. பழைய செய்யுளில் நம் அகீதாவுக்குப் பொருந்தாது போலத் தோன்றும் ஓர் உவமையோ வருணனையோ வந்தால், மார்க்கப் பற்றுள்ள பதிப்பாசிரியர் அதனைச் சற்றே மாற்றிவிட நினைப்பார். அவருடைய நோக்கத்தை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் அதன் பலன் என்ன? உமறுப் புலவர் சொல்லாததை அவர் சொன்னதாக நாம் சாட்சி சொல்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமொழிகளைத் தொகுத்த நூலிலேயே, பிரதிகளுக்கிடையே கண்ட வேறுபாடுகளை நம் முன்னோர் அழிக்கவில்லை. ஓரத்தில் எழுதிக் காத்தனர். அங்கே அழிக்கத் துணியாத கை, ஒரு புலவரின் செய்யுளில் அழிக்கத் துணிவது எப்படி? உடன்பாடு இல்லையேல் கீழே குறிப்பெழுதி மறுக்கலாம். மறுப்பதற்கு நூலின் ஓரம் இருக்கிறது. மாற்றுவதற்கு மூலத்தில் உரிமை இல்லை.

ஆகவே ஒரு பதிப்பின் தரத்தை அறிய நாம் பெரும் புலவராக இருக்கவேண்டியதில்லை. நம் வீட்டிலுள்ள காப்பியப் பதிப்பைத் திறந்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும். எந்தப் பிரதிகளைக் கொண்டு இது பதிப்பிக்கப்பட்டது, அவை எங்கிருந்து வந்தன என்று முகவுரை சொல்கிறதா? ஏற்காத பாடங்கள் அடிக்குறிப்பிலாவது இருக்கின்றனவா? பதிப்பாசிரியர் தாமே ஊகித்துத் திருத்திய இடங்களை, ஏட்டிலுள்ள இடங்களிலிருந்து பிரித்துக் காட்டியிருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், அவர் சில இடங்களில் தவறாகத் தேர்ந்திருந்தாலும் அஞ்சவேண்டியதில்லை. தவறைத் திருத்தும் கருவியையும் அவரே நம் கையில் தந்திருக்கிறார். இல்லை என்று வந்தால், அச்சு அழகாக இருந்தும் சந்தி சுத்தமாக இருந்தும், நாம் படிப்பது புலவரையா பதிப்பாசிரியரையா என்று சொல்ல வழியில்லை.

ஐயர் சிந்தாமணியை ஒருமுறை பதிப்பித்து நின்றுவிடவில்லை. புதிய பிரதிகளும் புதிய தெளிவும் கிடைக்கக் கிடைக்கத் தாம் கொண்ட பாடங்களைத் தாமே மறுபடியும் ஆராய்ந்து அடுத்தடுத்த பதிப்புக்களில் திருத்தினார். தம் முதற்பதிப்பின் குறைகளைத் திருத்த அவர் நாணவில்லை. ஏடு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். ஒப்படைத்தவர் இன்று இல்லை, கேட்க வரமாட்டார். அத்தகைய பொருளைக் குறையாமலும் கூடாமலும் அடுத்தவர் கையில் சேர்ப்பதைத்தான் நம் மார்க்கம் அமானிதம் என்கிறது.